பச்சைச் சேலையில் அரக்குக்கு வைத்த புள்ளி

திருச்சுழியில் இருந்து அருப்புக்கோட்டைக்குப் போகிற பஸ்ஸில் பக்கத்து இருக்கைக்காரர் கேட்கும் கேள்விகளில் ஒன்றுக்கு மட்டும் எனக்கு இன்னும் பதில் அமையவில்லை. "என்ன வேலை பாக்கீக?"

எழுத்து வேலை என்று சொன்னால் பத்திர எழுத்தர் என்று நினைத்துக்கொண்டு, பட்டா மாறுதல் ஏன் இழுக்கிறது என்று கேட்கிறார்கள். வீடியோவுக்கு வசனம் எழுதுகிறேன் என்றால் சினிமாவா என்று முகம் மலர்ந்து, என் சட்டைக் காலரைப் பார்த்ததும் வாடிவிடுகிறார்கள். ஒருமுறை துணிந்து முழு உண்மையையும் சொல்லிப் பார்த்தேன். "வியாபாரி செல்போன் முன்னால நின்னு பொருளைக் காட்டிப் பேசுவாரு. பொருள் பேரை அவர் சொல்ற நேரத்துல, திரையில அந்தப் பொருள் மேல ஒரு புள்ளி வரும். புள்ளியைத் தொட்டா பொருளை வாங்கிக்கிரலாம். பேரும் புள்ளியும் தப்பாமச் சேர்ற மாதிரி எழுதிக் குடுக்கிறது என் வேலை."

அவர் சன்னலுக்கு வெளியே கருவேலங்காட்டைப் பார்த்துக்கொண்டே வந்தார். இறங்கும்போது என் தோளைத் தட்டி, "பிள்ளைகளையாவது நல்லாப் படிக்க வைங்க" என்றார்.

நான் நன்றாகப் படித்தவன்தான். அதுதான் சிக்கல். வீட்டில் புத்தகங்கள் சுவரை மறைத்து நிற்கின்றன. இளமையில் சிறுபத்திரிகைகளில் கதை எழுதினேன். அவற்றை அச்சுக்கோத்தவர் கட்டாயத்தின் பேரில் படித்தார். அந்தக் கதைகளில் யாரும் எதையும் வாங்கவில்லை, யாருக்கும் எதுவும் போய்ச் சேரவில்லை. இப்போது நான் எழுதும் ஒவ்வொரு வரியின் மேலும் ஓர் அந்நியர் விரலை வைக்கிறார். இந்த வயதில் இதற்கு மேல் ஒரு வாசகரிடம் என்ன எதிர்பார்ப்பது?

தொழில் சின்னதுதான், ஆனால் அதற்கும் இலக்கணம் இருக்கிறது. வீடியோவை ஆப்பில் ஏற்றிவிட்டு, விற்பனைக்குப் போட்டிருக்கும் பொருள்களில் இருந்து ஒன்றைத் தேர்ந்துகொள்ள வேண்டும். எந்த நொடியில் புள்ளி தோன்றி எந்த நொடியில் மறைய வேண்டும் என்று குறிக்க வேண்டும். பிறகு அதை விரலால் இழுத்துத் திரையில் ஓரிடத்தில் வைக்க வேண்டும். வைத்த இடத்தில் புள்ளி நிற்கும். பொருள் நகர்ந்தால் கூடவே ஓடாது. திரையின் அடியில் வைத்தால் எழுத்துகள் மறைத்துவிடும். வலது ஓரம் போனால் புள்ளியைத் தொடப் போனவர் பக்கத்தில் இருக்கிற இதயத்தைத் தொட்டுவிட்டு, வாங்கிவிட்டதாக நினைத்துக்கொண்டு போய்விடுவார். விலையை வாயால் சொல்லவே கூடாது. விலை மாறும்; பேசியது மாறாது.

இதையெல்லாம் எனக்குக் கற்றுக்கொடுத்தது என் முதல் வாடிக்கையாளரின் நஷ்டம். வீரசோழனில் பாத்திர வியாபாரம் செய்கிறவர். வாணலியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வசனத்தில் இருந்தபடி கரண்டியின் பெருமையைப் பேசினார். கரண்டிக்கான புள்ளி வாணலியின் வயிற்றில் துடித்தது. வாணலி இவ்வளவு மலிவா என்று மகிழ்ந்து தட்டியவர்கள் வீட்டுக்கெல்லாம் கரண்டி போய் இறங்கியது. அவர்கள் எழுதிய விமர்சனங்களில் இருந்த ஆற்றல் என் கதைகளில் இருந்திருந்தால் நான் இந்நேரம் எங்கேயோ இருந்திருப்பேன்.

அதற்குப் பிறகு வசனத்தில் மூன்று கட்டம் போட ஆரம்பித்தேன். வாயில் என்ன, கையில் என்ன, புள்ளி எங்கே. இந்த மூன்றும் ஒரே வரிசையில் நிற்க வேண்டும். காகிதத்தில் நின்றன. அருப்புக்கோட்டைச் சேலைக்கார வீட்டுக்குப் போகும்வரை, அவை உலகத்திலும் நிற்கும் என்றுதான் நம்பிக்கொண்டிருந்தேன்.

அந்த வீட்டில் கீழே விசைத்தறிகள், மேலே குடியிருப்பு. கணவர் தறியைப் பார்க்கிறார். மனைவி விற்பனையைப் பார்க்கிறார். என்னை 'அண்ணே' என்று கூப்பிடுவார், வேலை தாமதமானால் 'சார்' ஆகிவிடுவேன். வீட்டுக்குள் தெலுங்கு, வெளியாட்களிடம் தமிழ். அவர்கள் தெலுங்கில் சண்டை போட்டால் நான் நிம்மதியாக உட்கார்ந்திருப்பேன். தமிழுக்கு மாறினால் என்னைச் சொல்கிறார்கள் என்று அர்த்தம்.

அந்த வருடம் அந்த அம்மாள் ஒரு பெரிய காரியம் செய்திருந்தார். தீபாவளிக்கு என்று நெய்த பருத்திச் சேலைகளை வழக்கம்போல மொத்த வியாபாரியிடம் தூக்கிக் கொடுக்காமல், மாடி அறையில் அடுக்கி வைத்துக்கொண்டார். "இந்தத் தடவை ஆப்புலயே வித்துருவோம்" என்று கணவரிடம் சொல்லிவிட்டார். கணவர் மறுப்பேதும் சொல்லவில்லை. ஆனால் நாள்தோறும் ஒருமுறை மாடிக்கு வந்து, அடுக்கைப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் இறங்கிப் போவார். "பேசித் தொலைஞ்சாக்கூடத் தேவலைண்ணே" என்றார் அந்த அம்மாள்.

ஆப்பில் வெறும் புகைப்படத்தோடு இருக்கும் சேலை, ஆடிப்பெருக்கில் போட்ட பூ மாதிரி. எங்கே போனது என்று கண்டுபிடிக்க முடியாது. வீடியோ இருந்தால்தான் நாலு பேர் நின்று பார்ப்பார்கள். வீடியோவில் பேச அவருக்கு ஒரு ஆளும் கிடைத்திருந்தார். அவருடைய தாய்மாமன்.

மாமா, டவுனில் பெரிய ஜவுளிக்கடை ஒன்றில் சேலைப் பிரிவிலேயே காலத்தைக் கழித்து ஓய்வு பெற்றவர். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, நெற்றியில் சந்தனக் கீற்று. பாயில் சம்மணமிட்டு உட்கார்ந்து ஒரு சேலையை விசிறினார் என்றால், அது காற்றில் ஒரு கணம் யோசித்துவிட்டு, முந்தி மேலே தெரிகிற மாதிரி இறங்கும். அதைப் பார்த்தால் எனக்கே ஒரு சேலை வாங்கிக் கட்டிக்கொள்ளலாம் போலிருக்கும். முதல் வீடியோக்களை நிறையப் பேர் பார்த்தார்கள். ஆர்டர்களும் வந்தன. பிறகு சேலைகளும் வந்தன. போன சேலைகள்தான்.

"கிளிப்பச்சையைத் தட்டினேன், அரக்கு வந்திருக்கிறது" என்று ஒருவர். "மஞ்சள் கேட்டால் பச்சையா? கண்ணாடி போடுங்கள்" என்று இன்னொருவர். அப்புறம் ஆப்காரர்களிடம் இருந்து ஓர் அறிவிப்பு. பேசும் பொருளும் புள்ளி காட்டும் பொருளும் வேறு வேறாக இருப்பதாகப் புகார்கள் வந்துள்ளன, வீடியோக்கள் நீக்கப்பட்டன, அடுத்து ஏற்றும் வீடியோவிலும் இப்படி இருந்தால் இந்தக் கடைக்கு வீடியோ வசதி நிறுத்தப்படும்.

அதைப் படித்துக் காட்டிவிட்டு அந்த அம்மாள் கேட்டார். "சார், நீங்க எழுதுனதுல தப்பா, நான் புள்ளி வச்சதுல தப்பா?"

அண்ணன் உறவு அத்தோடு முடிந்தது என்று புரிந்தது.

பழைய வீடியோவைப் போட்டுப் பார்த்தேன். சத்தத்தை அணைத்துவிட்டுப் பார்த்தால் அருமையான வியாபாரம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் அருமையான பேச்சு. இரண்டையும் சேர்த்தால்தான் சனியன். மாமா வாயால் "அரக்கு" என்று ஆரம்பிக்கும்போது கை கிளிப்பச்சையை விசிறியாகிவிட்டது. பச்சையின் புகழ் பாடும்போது மடியில் மாம்பழ மஞ்சள். கை எப்போதும் ஒரு சேலை முன்னால் போய்க்கொண்டிருந்தது. அந்த அம்மாள் பேச்சைக் கேட்டு, "அரக்கு" என்று வந்த நொடியில் அரக்குக்கான புள்ளியை வைத்திருந்தார். புள்ளி பச்சையின் மேல் உட்கார்ந்திருந்தது. படத்தைப் பார்த்து வைத்திருந்தாலும் கதை மாறாது. புள்ளியும் படமும் சேரும், காதில் விழுவது வேறாகியிருக்கும்.

"அண்ணாச்சி, சொல்றது ஒண்ணு, காட்டுறது ஒண்ணா இருக்கே?"

மாமாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தம்பி, வந்தவுக கண்ணு முன்னால சும்மா கிடக்குற சேலை செத்த சேலை. வாய் ஒண்ணைப் பேசிக்கிட்டு இருக்கும்போதே கை அடுத்ததைப் பிரிச்சிரணும். அப்பத்தான் 'அது கெடக்கட்டும், இது என்ன?'ன்னு கேப்பாக. நாங்க அப்படித்தான் வித்தோம். பாயில இடைவெளி விட்டா முதலாளி முறைப்பாரு."

"இங்க முதலாளி இல்லையே."

"அதான் இப்படிக் கேள்வி கேக்கீக."

வேறு ஆளை வைத்துப் பார்க்கலாம் என்றேன். அந்த அம்மாளைக் கேட்டேன். "என் மூஞ்சி வீடியோவுல வந்தா எங்க சொந்தக்காரவுக கல்யாண வீட்டுல என்னையச் சாப்பிட விடமாட்டாக" என்றார். கணவர் தறி போதும் என்றார். மீதி இருந்தது நான். பேசிப் பார்த்தேன். மூன்று கட்டங்களையும் தவறாமல் பின்பற்றினேன். பெயர், கை, புள்ளி மூன்றும் ஒரு மயிரிழை விலகவில்லை. மாமா முழுவதையும் பார்த்துவிட்டு, "எல்லாம் சரியா இருக்கு தம்பி. யாரு தவறிட்டாக?" என்று கேட்டார்.

பேச்சைத் தனியாகப் பதிவு செய்து, படத்தைத் தனியாக எடுத்து ஒட்டிவிடலாம் என்று அடுத்த யோசனை. பேசாமல் சேலையை மட்டும் விசிறச் சொன்னோம். மாமா சேலையைக் கையில் எடுத்தார், அப்படியே நின்றார். வாய் ஓடாவிட்டால் கை ஓடவில்லை. ரேஷன் கடையில் சர்க்கரைக்கு நிற்பவர் மாதிரி சேலையைப் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்தார்.

அப்புறம்தான் எனக்கு அந்த மேதாவித்தனமான யோசனை வந்தது. நிறையப் படித்தவர்களுக்குத்தான் அப்படி வரும். கை ஒரு சேலை முன்னால் போகிறது, அவ்வளவுதானே? வசனத்தையும் ஒரு சேலை தள்ளிவிட்டால் போகிறது! முதல் சேலையாக, விற்பனைக்கு இல்லாத ஒரு பழைய சேலையைக் கொடுப்பது. அதைக் காட்டும்போது பேச வேண்டிய இடத்தில் அரக்கின் வசனத்தை எழுதிவிடுவது. அவர் அரக்கைப் பேச ஆரம்பிக்கும்போது, வழக்கப்படி கை முந்திக்கொண்டு அரக்கை விசிறியிருக்கும். பழைய சேலைக்குப் புள்ளியே கிடையாது. மாமாவிடம் சொல்லவே வேண்டாம். அந்த அம்மாளுக்கு விளக்கியபோது அவர் என்னை மறுபடியும் 'அண்ணே' என்று அழைத்தார்.

வீடியோ எடுப்பதற்கு எங்களுக்கு நாள் அமைவதே அபூர்வம். கரண்ட் இருந்தால் கீழே தறிச் சத்தம். மாமா பேசுவது சாயப்பட்டறை மோட்டாருக்குள் இருந்து பேசுவது மாதிரி கேட்கும். கரண்ட் இல்லாவிட்டால் சத்தம் இல்லை, கூடவே காத்தாடியும் இல்லை, மாமாவின் கீற்று வழிந்து மூக்குக்கு வந்துவிடும். அமாவாசைக்குத் தறி ஓடாது. அந்த ஒரு நாள்தான் சத்தமும் இல்லாமல் காத்தாடியும் சுற்றும். அமாவாசைக்குக் காத்திருந்தோம்.

அந்த இடைவெளியில் ஒரு விபரீதம் நடந்துவிட்டது. மாமாவுக்கு ரோஷம் வந்து, வீட்டில் பீரோ கண்ணாடி முன்னால் உட்கார்ந்து பழகியிருக்கிறார். கையை அடக்கிவிட்டார். எங்களிடம் அதைச் சொல்லவில்லை. நாங்கள் செய்த சூழ்ச்சியை நாங்களும் அவரிடம் சொல்லவில்லை. அமாவாசை அன்று பாயில் உட்கார்ந்தார். பழைய சேலையை எடுத்து மடியில் வைத்து, கையை அதன் மேல் ஊன்றிக்கொண்டு, கேமராவைக் கம்பீரமாகப் பார்த்து, "இது அரக்கு" என்றார்.

சாயம் போன வெள்ளை அது.

அதற்குப் பிறகு ஒவ்வொரு சேலையையும் அடுத்த சேலையின் பெயரால் அழைத்தார். கண் முன்னால் தப்பு நடப்பது அவருக்கே தெரிந்தது, ஆனால் தாளில் இருப்பது எழுத்தாளர் எழுதியது என்று மரியாதை கொடுத்துவிட்டார். முடிந்ததும், "தம்பி, உங்களுக்கு நிறம் தெரியாதுங்கிறதை மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல?" என்று பரிவோடு கேட்டார். விஷயத்தைச் சொன்னோம். மாமாவும் மருமகளும் தெலுங்கில் வெகுநேரம் பேசினார்கள். பிறகு இருவரும் தமிழுக்கு மாறினார்கள்.

அடுத்த அமாவாசைக்குத் தீபாவளி விற்பனையே முடிந்துவிடும். மின்வாரியமும் தடை அறிவிக்கவில்லை. கடைசியில் அந்த அம்மாள் கீழே போய், தறியை நிறுத்தச் சொல்லிக் கேட்டார். தறிக்காரரிடம் ஓடுகிற தறியை நிறுத்தச் சொல்வது, ஓடுகிற பஸ்ஸை நடுக்காட்டில் நிறுத்தச் சொல்வது மாதிரி. கணவர் மேலே வந்து சேலை அடுக்கைப் பார்த்தார். எங்கள் மூவரையும் பார்த்தார்.

"முடிஞ்சதும் ஒரு சத்தம் குடுங்க" என்றார். கீழே ஒவ்வொரு தறியாக ஓய்ந்தது.

மாமா பாயில் உட்கார்ந்தார். அன்று முகத்தில் கம்பீரம் இல்லை. வசனத்தைப் பழைய வரிசைக்கே மாற்றி எழுதியிருந்தேன். முதல் சேலையை விரித்தார், அரக்கு. "இது அரக்கு" என்று ஆரம்பித்தார். பயத்தில் பீரோ கண்ணாடிப் பயிற்சி முழுவதும் பறந்துபோயிற்று. கை பழைய எஜமானிடம் திரும்பிவிட்டது. பச்சை பறந்தது. மஞ்சள் பறந்தது. மயில்கழுத்து, வெங்காயத்தோல் என்று அடுக்கில் இருந்ததெல்லாம் பாயில் வந்து இறங்கியது. வாய் இன்னும் அரக்கின் கரையைத் தாண்டவில்லை. நிறுத்துங்கள் என்று நான் கையாட்டினேன். நன்றாக இருக்கிறது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொண்டு இன்னும் வேகமாக விசிறினார்.

செல்போன் ஸ்டாண்டுக்குப் பின்னால் நின்ற அந்த அம்மாளுக்குப் பொறுமை போய்விட்டது. ஓடிவந்து குனிந்து, கிடந்த சேலைகளில் கைக்குக் கிடைத்த மாம்பழ மஞ்சளின் மேல் படாரென்று உள்ளங்கையால் ஓங்கி அடித்து அழுத்திக்கொண்டார். திட்டத்தான் வாயைத் திறந்தார்.

மாமாவின் கை அந்தரத்தில் நின்றது. பிடித்திருந்த சேலை தானாக மடியில் சரிந்தது. அவர் முகம் மாறியது. லேசாக முன்னால் குனிந்து, குரலைத் தணித்து, சொந்தத் தமக்கை மகளைப் பார்த்துச் சொன்னார். "நல்ல சேலையில கை வச்சீக. இது மாம்பழ மஞ்சள். பருத்தியில இந்த நிறம் அமையுறது லேசில்ல. கரையைத் தடவிப் பாருங்க. வெயிலுக்குக் கட்டுனா உடம்புல சேலை இருக்கிறதே தெரியாது..."

பேசிக்கொண்டே இருந்தார். கை வேறெந்தச் சேலைக்கும் போகவில்லை. அந்த அம்மாள் வாயைத் திறந்தபடியே இருந்தார். கையை எடுத்ததுதான் தாமதம், மாமா மஞ்சளை ஓரம் தள்ளிவிட்டு அடுத்ததை விசிறினார்.

"இன்னொரு தடவை கை வையிங்க" என்றேன்.

அவர் பச்சையில் கை வைத்தார். மாமா நின்றார். "கிளிப்பச்சை" என்றார். பச்சையை மட்டும் பேசினார்.

"ஏன் அண்ணாச்சி, இப்ப மட்டும் எப்படி நிக்கிறீக?"

அவரே யோசித்துப் பார்த்தார். "வாங்குறவுக கை வச்ச பிறகு அடுத்ததைப் பிரிக்கக் கூடாதுல்ல. கை வச்சிட்டா அது வித்த மாதிரி. அதுக்கு மேல பிரிச்சா, கல்லாவுல இருந்து முதலாளி செருமுவாரு."

இத்தனை நாள் நாங்கள் அவரை யாருமே வாங்க வராத கடையில் உட்கார்த்தி வைத்திருந்தோம். செல்போனுக்குக் கை கிடையாது. அது பாட்டுக்கு எதிரில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தது, அவரும் எதில் நிற்பது என்று தெரியாமல் கடையையே கொட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

மாடிப்படியில் உட்கார்ந்து, தாளைத் திருப்பிப் போட்டுப் புதிதாக எழுதினேன். மூன்று கட்டங்களோடு நான்காவதாக ஒரு கட்டம் சேர்ந்தது: வாடிக்கையாளர் கை. சேலை விழும், வாய் எதையும் பேசலாம், ஆனால் பெயர் மட்டும் வரக் கூடாது. "வாங்க, உக்காருங்க, வெயில் எப்படி" என்று பொதுவான பேச்சு. திரையின் இடப்பக்கத்தில் இருந்து ஒரு கை வரும், சேலையில் அமரும். அமர்ந்த பிறகுதான் பெயர். பெயர் வந்த நொடியில் புள்ளி, விரல்களுக்குச் சற்று மேலே, விரலை மறைக்காமல். நிறமும் கரையும் முந்தியும் சொல்லி முடிக்கும்வரை கை நகராது, ஆகவே சேலையும் நகராது, ஆகவே புள்ளி வழுக்காது. கை எழுந்தால் புள்ளி மறையும்.

"என் மூஞ்சி?" என்றார் அந்த அம்மாள்.

"முழங்கைக்கு மேல எதுவும் வராதும்மா."

"வளையல்?"

"போட்டுக்கிருங்க. ஆனா அதை விக்கிறீகளான்னு கேப்பாக."

கழற்றி வைத்துவிட்டு வந்தார்.

எளிதாக முடிந்தது என்று சொன்னால் பொய். மாமா சரியாகிவிட்டார், இப்போது கை தகராறு செய்தது. விற்கிறவருடைய கை அல்லவா, அதற்கு எல்லாச் சேலையும் உடனே விற்றாக வேண்டும். மஞ்சளில் வைத்துவிட்டு மாமா "மாம்" என்று ஆரம்பிப்பதற்குள் பச்சைக்குத் தாவியது. "ஏத்தா, வாங்க வந்தவ மாதிரி வையி, கடன் வசூலுக்கு வந்தவ மாதிரி வைக்காத" என்றார் மாமா. இன்னொரு முறை, அவர் வெங்காயத்தோல் நிறத்தைப் புகழ்ந்துகொண்டிருக்கும்போது கை பொறுமையிழந்து சேலையின் மேல் தாளம் போட்டது. நான் பாயில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கை அதைத் தாண்டக் கூடாது என்றேன். என் வாழ்நாளில் நான் இயக்கிய ஒரே நடிகை ஒரு இடது கை. அதுவும் என் பேச்சைக் கேட்கவில்லை.

கடைசியில் அமைந்தது. கை தயங்கி வந்தது, ஒரு சேலையைத் தொட்டுவிட்டு விலகியது, அடுத்ததில் அமர்ந்தது. அந்தத் தயக்கம் நான் எழுதியதல்ல. மாமாவின் குரல் அதைக் கவனித்துத் தணிந்தது. "முடிஞ்சது" என்று கீழே பார்த்துக் கத்தினேன். தறிகள் ஒவ்வொன்றாக உறுமத் தொடங்கின.

புள்ளிகளை அந்த அம்மாளே வைத்தார். ஒவ்வொரு நிறத்துக்கும் ஆப்பில் தனிப் பக்கம் இருக்கிறது. பச்சைக்குப் பதில் பாசிப்பச்சையைத் தேர்ந்துவிட்டால் இத்தனை பாடும் வீண். சத்தம் இல்லாமல் ஒருமுறை ஓட்டினோம், புள்ளியும் கையும் சேர்ந்தன. செல்போனைக் கவிழ்த்து வைத்துக் கேட்டோம், பெயர்கள் சரியான நொடியில் வந்தன. இரண்டையும் சேர்த்து ஓட்டினோம். மாமா தன்னையே பார்த்து, "நல்லாத்தான் விக்கிறான்" என்றார். ஏற்றிவிட்டோம். பரிசீலனையில் உள்ளது என்று ஆப் சொன்னது.

பரிசீலனை என்பது என்னவென்று எனக்குப் பத்திரிகைக் காலத்தில் இருந்தே தெரியும். அந்த நாட்களில் கதை திரும்பி வரும்வரை தபால்காரரைக் கண்டால் தெருமுனைக்கே போய் நிற்பேன். இந்த முறை செல்போன் மணியடித்தால் எழுந்து நடந்தேன். என் மனைவி, "சேலைக்கா இப்படி?" என்றாள். வீட்டில் அவளுக்கு நான் கடைசியாக எப்போது சேலை எடுத்துக் கொடுத்தேன் என்ற பேச்சு வருவதற்குள் வாசலுக்குப் போய்விட்டேன்.

அங்கீகரிக்கப்பட்டது என்று அந்த அம்மாளிடம் இருந்து செய்தி வந்தது. கூடவே, "அண்ணே" என்று ஒரே ஒரு சொல்.

அதன் பிறகு நான் அருப்புக்கோட்டை போனபோது மாடி அறையில் அடுக்கு நெஞ்சளவில் இருந்து முழங்காலளவுக்கு இறங்கியிருந்தது. பாயில் உட்கார்ந்து அந்த அம்மாள் பார்சல் ஒட்டிக்கொண்டிருந்தார். கணவர் எதிரில் உட்கார்ந்து முகவரிச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். மாமா எதற்கும் உதவாமல், வீடியோவுக்குக் கீழே வந்திருந்த கருத்துகளைச் சத்தமாகப் படித்துக்கொண்டிருந்தார். யாரோ ஒருவர், 'அந்தக் கை யாருடையது, இரண்டு முறை தொட்டுவிட்டு வைத்த சேலைதான் எனக்கும் வேண்டும்' என்று எழுதியிருந்தார்.

அப்போது கூரியர்காரர் படியேறி வந்து ஒரு பார்சலை நீட்டினார். திரும்பி வந்த சேலை. மாமா செல்போனைக் கீழே வைத்தார். கணவர் சீட்டைக் கிழிப்பதை நிறுத்திவிட்டு மனைவியைப் பார்த்தார். அந்த அம்மாள் பார்சலைப் பிரிக்காமல், செல்போனில் திருப்பியதற்கான காரணத்தைத் தேடினார்.

"என்னத்தா போட்டுருக்கு? நிறம் மாறிப்போச்சா?" என்றார் மாமா.

அவர் மெதுவாகப் படித்தார். "'கேட்ட மாம்பழ மஞ்சள்தான் வந்தது. வீட்டில் இதே மாதிரி ஒன்று இருக்கிறது, மறந்துவிட்டேன்.'"

கணவர்தான் முதலில் சிரித்தார். அவருக்குச் சிரிக்கத் தெரியும் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். ஒரு சேலை திரும்பி வந்ததற்கு அவ்வளவு மகிழ்ச்சி அடைந்த வியாபாரக் குடும்பத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. மாமா, "பீரோவைத் திறந்து பாத்துட்டு வாங்கச் சொல்லி அடுத்த வசனத்துல ஒரு வரி போடுங்க தம்பி" என்றார்.

அந்த அம்மாள் சேலையைப் பிரித்து, கறை இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்தார். ஒன்றும் இல்லை. மடித்து அடுக்கின் மேல் வைத்துவிட்டு, செல்போனில் மாம்பழ மஞ்சளின் இருப்பை ஒன்று கூட்டினார். அடுத்த பார்சலுக்கு டேப்பைக் கிழித்தார்.